கேரட் கழுவும் மெஷினுக்கு கேட்லாக் எழுதுகிறோம்: எதை எழுதுவது, எதை விடுவது?

பாலாடா பட்டறை

முத்தோரை பாலாடா பக்கம் எங்களுக்குச் சின்ன ஃபேப்ரிகேஷன் பட்டறை. அப்பா வெல்டிங், லேத் வேலை பார்க்கிறார். நான் கணக்கு, ஆர்டர், எழுத்து வேலை எல்லாம் பார்க்கிறேன். கேரட் கழுவும் டிரம் மெஷின் ஒரே ஒரு மாடல்தான் செய்கிறோம். இதுவரை வாய்வழியாகத்தான் விற்பனை. இப்போது கொடைக்கானல் பக்கமிருந்தும் விசாரிக்கிறார்கள், மெஷினை நேரில் பார்க்காமலே கேட்கிறார்கள். அதனால் இரண்டு பக்க கேட்லாக் அடிக்கலாம் என்று முடிவு செய்தோம். அச்சகத்தில் எழுதிக் கொடுத்தது இது:

"உலகத்தரம் வாய்ந்த அதிநவீன கேரட் வாஷிங் மெஷின்! மணிக்கு 2.4 டன் திறன். மிகக் குறைந்த மின்சாரம், மிகக் குறைந்த தண்ணீர். கேரட்டுக்குச் சேதமே இல்லை. துருவே பிடிக்காது. உதிரிபாகங்கள் எங்கும் எளிதில் கிடைக்கும். வாழ்நாள் முழுவதும் உழைக்கும்."

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. "மெஷினைப் பற்றி இதில் ஒன்றுமே இல்லையே" என்கிறார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் இதை எப்படி மாற்றுவது என்று பிடிபடவில்லை. டிரம் 3 அடி விட்டம், 6 அடி நீளம், 2 எச்.பி. மோட்டார், ஒரு தடவைக்கு 200 கிலோ கொட்டலாம். எழுதிப் பழகியவர்களும் மெஷின் வாங்கியவர்களும் சொல்லுங்கள்.

குன்னூர் அச்சு

நான் அச்சுத் தொழிலில் இருக்கிறேன். வாசகம் நன்றாகத்தானே இருக்கிறது? கேட்லாக் என்றால் முதலில் கண்ணைப் பிடிக்க வேண்டும். மெஷின் படம் பெரிதாக, பின்னால் மலை, தேயிலைத் தோட்டம் வைத்துவிடுங்கள். தாள் 170 ஜி.எஸ்.எம். ஆர்ட் பேப்பர் எடுங்கள், கையில் பிடித்தால் கனமாக இருக்கும். எழுத்து குறைவாக இருந்தால்தான் ஆட்கள் படிப்பார்கள்.

வரைபட மேசை

கோவையில் மெஷின் கம்பெனிகளுக்கு கேட்லாக்கும் இயக்கும் கையேடும் எழுதுவதுதான் என் வேலை. சொந்த ஊர் குன்னூர்தான், கேரட் மெஷின்களைப் பார்த்திருக்கிறேன்.

தம்பி, படம் பெரிதாக வைப்பதில் தப்பில்லை, ஆனால் உங்கள் ஆள் படம் பார்த்து வாங்குபவர் அல்ல. இந்த மெஷினை வாங்குகிறவர் மூன்று கேள்வியோடு வருவார்: என் சரக்கு எத்தனை மணி நேரத்தில் முடியும், என் இடத்தில் இருக்கிற கரண்டும் தண்ணீரும் போதுமா, பழுதானால் யார் சரி செய்வது. அச்சகம் எழுதிக் கொடுத்த ஏழு வாக்கியத்தில் எதுவுமே இதற்குப் பதில் சொல்லவில்லை. எண்ணாக இருப்பது 2.4 டன் ஒன்றுதான். அதிலிருந்து தொடங்குவோம். அந்த 2.4 எப்படி வந்தது?

பாலாடா பட்டறை

அக்கா, ஒரு லோடு 200 கிலோ. கழுவ 5 நிமிடம். மணிக்கு 12 லோடு, 2,400 கிலோ. இந்தப் பக்கம் எல்லா மெஷினுக்கும் இப்படித்தான் கணக்குச் சொல்கிறார்கள்.

வரைபட மேசை

கொட்டுவதற்கு எவ்வளவு நேரம்? கழுவினதை வெளியே எடுத்து மூட்டை பிடிக்க?

பாலாடா பட்டறை

இரண்டு ஆள் இருந்தால் கொட்ட 2 நிமிடம், கதவைத் திறந்து இறக்க 2 நிமிடம்.

வரைபட மேசை

அப்படியானால் ஒரு லோடு 9 நிமிடம். மணிக்கு ஆறு லோடும் ஏழாவதில் பாதிக்கு மேலும் ஆகும். கிட்டத்தட்ட 1,300 கிலோ. 2,400 என்பது மெஷினின் திறனே அல்ல, கழுவும் ஐந்து நிமிடத்தை மட்டும் பெருக்கிய எண். வாங்கினவர் முதல் நாளே கடிகாரத்தைப் பார்ப்பார். நாலு டன் கேரட்டை லாரி வருவதற்குள் கழுவி முடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தாளை நம்பி ஒன்றே முக்கால் மணி நேரம் ஒதுக்கியிருப்பார், வேலை முடிய மூன்று மணி நேரம் ஆகும். அன்றைக்கு அந்த லாரி அவரை விட்டுப் போய்விடும்.

இன்னொன்று. 5 நிமிடம் என்பது எந்த மண்ணுக்கு?

கேத்தி தோட்டம்

இதைத்தான் நான் கேட்க வந்தேன். கேத்தியில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் கேரட். வெயில் நாளில் பிடுங்கினால் மண் உதிர்ந்துவிடும், ஐந்து நிமிடம் போதும். மழையில் பிடுங்கினால் களி மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். எட்டு நிமிடம் சுற்றினாலும் தலைப்பகுதியில் மண் நிற்கும். நாங்கள் வாடகை மெஷினுக்குத்தான் கொண்டுபோகிறோம், அங்கே மழை நாளில் வரிசையே நகராது. மெஷின்காரர்கள் யாரும் இதைத் தாளில் போடுவதில்லை.

வரைபட மேசை

நன்றி அம்மா, இதுதான் கேட்லாக்கில் வர வேண்டிய தகவல். எட்டு நிமிடம் என்றால் ஒரு லோடு 12 நிமிடம், மணிக்கு ஐந்து லோடு, சரியாக ஒரு டன். ஆக தம்பி எழுத வேண்டியது இப்படி: "இரண்டு ஆட்களுடன், கொட்டுவதும் இறக்குவதும் சேர்த்து, காய்ந்த மண் என்றால் மணிக்கு 1,300 கிலோ. மழைக்காலக் களிமண் என்றால் மணிக்கு 1,000 கிலோ." ஆள் கணக்கு, நேரக் கணக்கு, மண் மூன்றும் அந்த ஒரு வரிக்குள்ளேயே இருக்க வேண்டும். நட்சத்திரக் குறி போட்டு அடியில் பொடி எழுத்தில் தள்ளிவிடக் கூடாது.

குன்னூர் அச்சு

பக்கத்துப் பட்டறைக்காரர் 2.4 என்று போட்டிருக்கும்போது இவர் 1.3 என்று போட்டால் யார் இவரிடம் வருவார்கள்? நடைமுறையைச் சொல்கிறேன்.

வரைபட மேசை

நியாயமான கேள்வி. அதற்கு ஒரு வழி இருக்கிறது. 1,300-க்குக் கீழேயே கணக்கைப் போட்டுக் காட்டிவிடுங்கள்: "ஒரு லோடு 200 கிலோ: கொட்ட 2, கழுவ 5, இறக்க 2 நிமிடம்." படிக்கிறவர் அதே கணக்கை அடுத்த பட்டறையிலும் கேட்பார். அங்கே பதில் வராவிட்டால் உங்கள் எண்ணை நம்புவார். ஆனால் அடுத்த தாளை மட்டும் பார்த்துவிட்டுப் போகிற சிலரை நீங்கள் இழக்கத்தான் செய்வீர்கள். அதை மறைத்துச் சொல்ல மாட்டேன்.

பூம்பாறை பூண்டு

கொடைக்கானல் பக்கம் பூம்பாறையிலிருந்து எழுதுகிறேன். உங்கள் மெஷினில் மலைப்பூண்டு கழுவலாமா? எங்கள் பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வெளியூர் வியாபாரிகள் சுத்தமாகக் கேட்கிறார்கள். மணிக்கு ஒரு டன் எல்லாம் வேண்டாம், 100 கிலோ போதும்.

பாலாடா பட்டறை

அண்ணா, பூண்டைக் கழுவினால் ஈரம் உள்ளே இறங்கி அழுகிவிடாதா? எங்கள் டிரம் கேரட்டுக்காகச் செய்தது. கம்பிகளுக்கு நடுவே 18 மில்லிமீட்டர் இடைவெளி. சின்னப் பூண்டு அதிலேயே கீழே போய்விடும்.

வரைபட மேசை

இந்தப் பதிலையும் அப்படியே கேட்லாக்கில் சேர்த்துவிடுங்கள். "கேரட், பீட்ரூட், முள்ளங்கிக்கு. கம்பி இடைவெளி 18 மி.மீ., அதைவிடச் சிறியது கீழே விழும். பூண்டு, வெங்காயத்துக்கு அல்ல." எதற்கு உதவாது என்று ஒரு வரி இருந்தால் வீண் விசாரணை பாதி குறையும். பீட்ரூட், முள்ளங்கி ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா?

பாலாடா பட்டறை

பீட்ரூட் ஓட்டியிருக்கிறோம். முள்ளங்கி இல்லை.

வரைபட மேசை

அப்படியானால் முள்ளங்கியை எடுத்துவிடுங்கள்.

பூம்பாறை பூண்டு

சரி தம்பி. காய்ந்த பூண்டில் தோல் நீக்கி மண் உதறுகிற மெஷின் யாராவது செய்தால் தனி இழையில் சொல்லுங்கள்.

கோத்தகிரி வயரிங்

கரண்டு பற்றி யாரும் பேசவில்லை. 2 எச்.பி. என்றால் 1.5 கிலோவாட். ஒரு மணி நேரத்துக்கு ஒன்றரை யூனிட். அதைப் போட்டுவிட்டால் "குறைந்த மின்சாரம்" என்று எழுத வேண்டிய அவசியமே இல்லை. அப்புறம் ஒன்று: மலையில் காற்று குறைவு, அதனால் மோட்டாருக்குச் சக்தி குறையும். ஊட்டி உயரத்துக்கு 2 எச்.பி. மோட்டார் ஒன்றரை எச்.பி. தான் கொடுக்கும் என்று எழுதிவிடுங்கள், பிற்பாடு தகராறு வராது.

வரைபட மேசை

அண்ணா, எண்ணைப் போட வேண்டும் என்பது சரி. ஆனால் இரண்டு கணக்குமே கொஞ்சம் விலகிப் போகிறது.

மோட்டார் தகட்டில் இருக்கிற 1.5 கிலோவாட் என்பது தண்டிலிருந்து வெளியே வரும் சக்தி. முழுச் சுமையில் ஓடினால் லைனிலிருந்து ஏறக்குறைய 1.8 கிலோவாட் இழுக்கும். ஆனால் உங்கள் டிரம் முழுச் சுமையில் ஓடுவதில்லை, இறக்கி ஏற்றும்போது கொஞ்ச நேரம் நின்றும் இருக்கும். அதனால் தகட்டை வைத்துக் கணக்குப் போடாமல், ஒரு சப் மீட்டர் வைத்து ஒரு டன் கழுவி யூனிட்டைப் படித்துக்கொள்ளுங்கள். வாங்குகிறவருக்கும் மணிக்கு எவ்வளவு என்பதைவிட டன்னுக்கு எவ்வளவு என்பதுதான் உபயோகம்.

உயரத்தைப் பற்றி: சாதாரண மோட்டார்கள் 1,000 மீட்டர் உயரம், 40 டிகிரி வெயில் வரை என்று கணக்கிட்டுச் செய்யப்படுபவை. அதற்கு மேலே காற்று மெலிந்து மோட்டாரைக் குளிர்விப்பது குறையும், அதுவரை நீங்கள் சொல்வது உண்மை. ஆனால் நம் ஊரில் காற்றே குளிர்ந்திருப்பதால் அது ஈடாகிவிடும். தண்டில் வரும் சக்தி குறையாது. இங்கே மோட்டாரைப் படுத்துவது லைனின் கடைசியில் வரும் வோல்டேஜ் குறைவுதான். திருப்புவிசை வோல்டேஜின் வர்க்கத்தோடு சேர்ந்து இறங்கும். 415 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 360 வந்தால் திருப்புவிசை முக்கால் பங்காகிவிடும். 200 கிலோ ஈரக் கேரட்டோடு நிற்கிற டிரம்மைக் கிளப்ப அது திணறும், மோட்டார் சூடேறும்.

உயரத்தில் உண்மையாகவே சக்தி குறைவது எஞ்சினுக்கு. தம்பி, பெட்ரோல் எஞ்சின் வைத்தும் கொடுக்கிறீர்களா?

பாலாடா பட்டறை

ஆமாம் அக்கா. மூன்று ஃபேஸ் லைன் இல்லாத தோட்டத்துக்கு 5 எச்.பி. பெட்ரோல் எஞ்சின் பொருத்திக் கொடுக்கிறோம். 3 எச்.பி. போட்டால் இங்கே இழுக்கவில்லை என்று அப்பாதான் 5-க்கு மாற்றினார்.

வரைபட மேசை

அப்பா கைப்பழக்கத்தில் சரியாகச் செய்திருக்கிறார். ஊட்டி 2,240 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கைவிடச் சற்றுத்தான் அதிகம். டர்போ இல்லாத எஞ்சின் அந்த அளவுக்குக் குறைவான காற்றைத்தான் இழுக்கும், சக்தியும் அதே அளவில் இறங்கும். கார்புரேட்டரைக் கீழ்நாட்டுக்கு அமைத்தபடியே விட்டால் பெட்ரோல் கூடுதலாகப் போய் கறுப்புப் புகையும் வரும். ஆகவே "5 எச்.பி. எஞ்சின், ஊட்டி உயரத்தில் 4 எச்.பி.-க்குக் கீழே கிடைக்கும், டிரம்முக்கு அது போதும்" என்று எழுதுங்கள். எழுதாவிட்டால், 3 எச்.பி. எஞ்சின் ஏற்கெனவே வீட்டில் வைத்திருக்கிறவர் அதையே மாட்டிப் பார்த்துவிட்டு மெஷின் சரியில்லை என்பார்.

கோத்தகிரி வயரிங்

வோல்டேஜ் பற்றிச் சொன்னது நான் தினமும் பார்க்கிற சங்கதி. மாலையில் சில இடத்தில் 370-க்கு மேல் ஏறாது. உயரத்தையும் அதையும் சேர்த்து நினைத்துவிட்டேன் போலிருக்கிறது. கேட்லாக்கில் "360 வோல்ட்டுக்குக் கீழே லோடுடன் ஸ்டார்ட் செய்யக் கூடாது, டிரம்மைக் காலியாகச் சுற்றவிட்டுப் பிறகு கொட்டவும்" என்று போட்டால் எங்களைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும். ஸ்டார்டர் விலையில் சேர்த்தியா, தனியா என்பதையும் சொல்லிவிடுங்கள். பொருத்தப் போகிற இடத்தில் அதற்குத்தான் முதல் சண்டை.

மேட்டுப்பாளையம் மண்டி

நான் சரக்கு வாங்குகிற பக்கம். நீங்கள் எல்லாரும் வேகத்தையும் கரண்டையும் பேசுகிறீர்கள். எங்களுக்கு வேண்டியது இரண்டுதான்: நுனி முறியக் கூடாது, மறுநாள் வெள்ளை பூக்கக் கூடாது.

மெஷின்காரர்கள் "பளபளவென்று வரும்" என்று சொல்லி ரொம்ப நேரம் சுற்றவிடுகிறார்கள். தோலின் மேல்பகுதி தேய்ந்துபோகும். கழுவின மாலையில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். மண்டிக்கு வந்து வெளியூர் லாரியில் ஏறி இறங்குவதற்குள் மேலே காய்ந்து சாம்பல் பூத்தது போல ஆகிவிடும், விலை இறங்கும். அதனால் "பளபளப்பு" என்ற வார்த்தையைக் கேட்லாக்கில் போடாதீர்கள். எத்தனை நிமிடத்துக்கு மேல் சுற்றக் கூடாது என்று போடுங்கள்.

பாலாடா பட்டறை

ஐயா, எங்கள் டிரம்மில் கம்பிக்கு மேல் ரப்பர் உறை போட்டிருக்கிறோம், 28 ஆர்.பி.எம். தான் சுற்றும். அதனால்தான் "சேதமே இல்லை" என்று அச்சகத்தில் சொன்னோம்.

வரைபட மேசை

தம்பி, வாசகம் அங்கேதான் தொடங்க வேண்டும். "ரப்பர் உறை போட்ட கம்பி, 28 ஆர்.பி.எம்." என்பது மெஷினின் அமைப்பு. "நுனி முறிவது குறையும்" என்பது அதனால் வரும் பலன். அச்சகத்தின் வாசகத்தில் பலன் மட்டும் இருக்கிறது, காரணம் இல்லை. காரணத்தை முதலில் எழுதிப் பலனை அதே வாக்கியத்தில் இணைத்துவிட்டால் படிப்பவர் தானே சரிபார்த்துக்கொள்வார். காரணம் எழுத முடியாத பலன் எதுவாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள். "உலகத்தரம்", "அதிநவீன" இரண்டும் அப்படியே போய்விடும்.

ஆனால் "சேதமே இல்லை" என்பது எந்த டிரம்முக்கும் உண்மையாகாது. அளந்துவிடுங்கள். முறிவில்லாத கேரட்டாகக் கையால் பொறுக்கி 20 கிலோ எடுத்து, அடையாளத்துக்குத் தலையில் ஒரு சின்ன வெட்டுப் போட்டு, முழு 200 கிலோ லோடோடு சேர்த்துக் கழுவுங்கள். தனியாக 20 கிலோவைச் சுற்றினால் கணக்கு தப்பும், ஏனென்றால் டிரம் காலியாக இருந்தால் கேரட் உயரத்திலிருந்து விழும். கழுவின பிறகு அடையாளம் உள்ளவற்றில் முறிந்ததை மட்டும் நிறுத்துப் பாருங்கள். காலையில் பிடுங்கியதா, முந்தின நாள் பிடுங்கியதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிடுங்கின உடனே நீர்ச்சத்து நிரம்பி விறைப்பாக இருக்கும் கேரட்டுதான் சுலபத்தில் வெடிக்கும்.

கேத்தி தோட்டம்

தண்ணீர்க் கணக்கையும் அதோடு அளந்துவிடுங்கள். "மிகக் குறைந்த தண்ணீர்" என்று எல்லாரும்தான் சொல்கிறார்கள். எனக்கு 5,000 லிட்டர் தொட்டி இருக்கிறது. அதில் எத்தனை மூட்டை முடியும் என்று தாளைப் பார்த்து நானே கணக்குப் போட முடிய வேண்டும். கழுவின சேற்றுத் தண்ணீர் எங்கே போகும் என்பதும் முக்கியம். ஓடையில் விட்டால் கீழே குடிக்கிறவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள், இருக்கவும் கூடாது.

பாலாடா பட்டறை

சனிக்கிழமை எல்லாவற்றையும் அளந்தோம். அப்பாவும் நின்று பார்த்தார்.

தண்ணீர் நிமிடத்துக்கு 60 லிட்டர் போகிறது. காய்ந்த மண்ணுக்கு லோடுக்கு 300 லிட்டர், டன்னுக்கு 1,500. களிமண் என்றால் எட்டு நிமிடக் கணக்கில் டன்னுக்கு 2,400. சப் மீட்டரில் டன்னுக்கு 0.7 யூனிட் வந்தது. முறிவு: காலையில் பிடுங்கிய 20 கிலோவில் 600 கிராம், அதாவது 3 சதவீதம். முந்தின நாள் பிடுங்கியதில் 400 கிராம்.

3 சதவீதத்தைப் போடலாமா என்று வீட்டில் பேச்சு. அப்பா போடலாம் என்கிறார். அண்ணன் வேண்டாம் என்கிறார்.

மேட்டுப்பாளையம் மண்டி

நான் அண்ணன் கட்சி. ஒரே நாளில் எடுத்த ஒரே கணக்கு அது. நீளமான ரகம் வந்தால் 5 ஆகும், குட்டை ரகம் வந்தால் 1 ஆகும். தாளில் 3 என்று அச்சடித்துவிட்டால் 5 வந்த அன்று சட்டையைப் பிடிப்பார்கள். அமைப்பை மட்டும் எழுதுங்கள், எண் வேண்டாம்.

வரைபட மேசை

ஐயா சொல்வதில் பாதி எனக்கும் சரியாகப் படுகிறது. ஒரே நாள் எண்ணைப் பொதுவான எண் போல எழுதக் கூடாது. ஆனால் எப்படி அளந்தோம் என்பதோடு சேர்த்து எழுதினால் அது உத்தரவாதம் ஆகாது, சோதனை முடிவு ஆகும். நான் எழுதினால் போடுவேன், குறைந்தது வெவ்வேறு ரகத்திலும் வெவ்வேறு நாளிலும் அளந்த பிறகு. இப்போதைக்கு இதில் உங்கள் வீட்டு முடிவுதான்.

குன்னூர் அச்சு

துருப்பிடிக்காது என்பதில் சந்தேகம் வேண்டாமே. 304 ஸ்டீல் என்று போட்டுவிடுங்கள். காந்தம் ஒட்டாவிட்டால் 304 தான், யார் வேண்டுமானாலும் வைத்துப் பார்க்கலாம். அதையே கேட்லாக்கில் சவாலாகப் போடலாம்.

வரைபட மேசை

அந்தச் சவால் மட்டும் வேண்டாம். 202 ரகமும் காந்தத்தில் ஒட்டாது. விலை குறைவு என்று அதைத்தான் பல இடத்தில் 304 என்று விற்கிறார்கள், ஈரத்தில் அது சீக்கிரம் துரு காட்டும். மறுபக்கம், அசல் 304 தகட்டை வளைத்த இடத்தில் காந்தம் லேசாக இழுக்கவும் செய்யும், அப்போது உண்மையான ஸ்டீலையே போலி என்பார்கள். தகடு வாங்கும்போது மில் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டு, "கேட்டால் நகல் தருவோம்" என்று எழுதுங்கள்.

மெஷின் முழுக்க 304-ஆ?

பாலாடா பட்டறை

இல்லை. டிரம் கம்பி, வளையம், தண்ணீர்க் குழாய் 304. ஸ்டாண்டு இரும்பு ஆங்கிள், அதற்கு எபாக்ஸி பெயிண்ட்.

வரைபட மேசை

அப்படியே பாகம் பாகமாக எழுதுங்கள். ஸ்டாண்டில் பெயிண்ட் உரிந்த இடத்தில் துரு வரும், வருடத்துக்கு ஒருமுறை டச்சப் செய்ய வேண்டும் என்பதும் அங்கேயே வரட்டும். "வாழ்நாள் முழுவதும்" என்பதற்குப் பதில் எத்தனை மாதம், எந்தப் பாகத்துக்கு உத்தரவாதம் என்று இருக்கட்டும். பொய்யான உத்தரவாதம் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரக் கணக்கில் வரும். பிழைப்புக்காகத் தானே ஓட்ட மெஷின் வாங்குகிற விவசாயியும் அந்தச் சட்டத்தில் நுகர்வோர்தான்.

பாலாடா பட்டறை

எல்லாவற்றையும் சேர்த்து அப்பாவும் நானும் எழுதியது கீழே. பார்த்துச் சொல்லுங்கள்.

"கேரட், பீட்ரூட் கழுவும் டிரம் மெஷின். ஒரு லோடு 200 கிலோ. பூண்டு, வெங்காயத்துக்கு அல்ல. கம்பி இடைவெளி 18 மி.மீ., அதைவிடச் சிறியது கீழே விழும்.

இரண்டு ஆட்கள் நின்றால் காய்ந்த மண்ணோடு வரும் கேரட் மணிக்கு 1,300 கிலோ முடியும் (கொட்ட 2, கழுவ 5, இறக்க 2 நிமிடம்). மழைக்காலக் களிமண் என்றால் கழுவ 8 நிமிடம் ஆகும், மணிக்கு 1,000 கிலோ. 8 நிமிடத்துக்கு மேல் சுற்ற வேண்டாம். தோல் தேய்ந்து மறுநாள் வெள்ளை பூக்கும்.

டிரம் 3 அடி விட்டம், 6 அடி நீளம், 28 ஆர்.பி.எம். கம்பிகளுக்கு ரப்பர் உறை இருப்பதால் கேரட் இரும்பில் மோதாது, நுனி முறிவது குறையும்.

தண்ணீர் நிமிடத்துக்கு 60 லிட்டர் வர வேண்டும், குறைந்தது ஒரு இஞ்ச் ஹோஸ். ஒரு டன்னுக்குக் காய்ந்த மண்ணில் 1,500 லிட்டர், களிமண்ணில் 2,400 லிட்டர். கழுவின தண்ணீரை ஓடையில் விடக் கூடாது. சேறு படிய ஒரு குழி தேவை, அதன் வரைபடம் தருவோம்.

மோட்டார் 2 எச்.பி., மூன்று ஃபேஸ், 415 வோல்ட். டன்னுக்கு 0.7 யூனிட் (எங்கள் பட்டறையில் காய்ந்த மண்ணில் அளந்தது). 360 வோல்ட்டுக்குக் கீழே லோடுடன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம். மூன்று ஃபேஸ் இல்லாத இடத்துக்கு 5 எச்.பி. பெட்ரோல் எஞ்சின்; ஊட்டி உயரத்தில் 4 எச்.பி.-க்குக் கீழே கிடைக்கும், டிரம்முக்கு அது போதும்.

கம்பி, வளையம், தண்ணீர்க் குழாய் 304 ஸ்டீல், மில் சான்றிதழ் நகல் கேட்டால் தருவோம். ஸ்டாண்டு இரும்பு, எபாக்ஸி பெயிண்ட். உரிந்த இடத்தில் வருடம் ஒருமுறை பூச வேண்டும். சங்கிலிக்கு முழு மூடி உண்டு.

எடை 320 கிலோ, பிக்கப்பில் ஏறும். சமதளமான சிமெண்ட் தரை வேண்டும். ஸ்டார்டர் விலையில் சேர்த்தி. கேபிள், ஹோஸ், தரை வேலை, வண்டி வாடகை தனி. வெல்டிங்குக்கும் டிரம்முக்கும் 12 மாத உத்தரவாதம். மோட்டாருக்கு அதன் கம்பெனி உத்தரவாதம்."

முறிவு எண்ணை இன்னும் போடவில்லை. அடுத்த மாதம் வேறு ரகத்திலும் அளந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார் அப்பா. விலையும் இல்லை. ஸ்டீல் விலை அடிக்கடி மாறுவதால் தனித் தாளில் தேதி போட்டுக் கொடுக்கலாம் என்று யோசனை.

கேத்தி தோட்டம்

என் தொட்டிக்கு மூன்று டன் வரும், மழையில் இரண்டு டன். போன் செய்யாமலே தெரிந்துவிட்டது. ஆனால் விலை இல்லாத தாள் எனக்குப் பிடிக்காது. போன் செய்தால்தான் சொல்வோம் என்றால் ஆளைப் பார்த்து விலை சொல்வார்கள் என்றுதான் தோன்றும். தனித் தாளானாலும் கேட்லாக்கோடு சேர்த்தே கொடுங்கள்.

குன்னூர் அச்சு

எழுத்து கூடுதல்தான், ஆனாலும் இரண்டு பக்கத்தில் அடங்கும். மணிக்கு எவ்வளவு, தண்ணீர், கரண்டு மூன்றையும் கொஞ்சம் பெரிய எழுத்தில் மேலே வைத்துத் தருகிறேன். பின்னால் தேயிலைத் தோட்டப் படம் வேண்டாம், மெஷினின் பக்கவாட்டுப் படத்தில் நீளம், அகலம், உயரம் அம்புக்குறியோடு போட்டால் பொருத்தமாக இருக்கும். அளவுகளைக் கொடுங்கள்.

கோத்தகிரி வயரிங்

"உதிரிபாகங்கள் எளிதில் கிடைக்கும்" என்பதை எடுத்துவிட்டீர்கள், நல்லது. ஆனால் அந்த இடத்தில் ஒன்றும் வரவில்லையே. டிரம் பேரிங் என்ன நம்பர்? சங்கிலி என்ன அளவு?

பாலாடா பட்டறை

பேரிங் யூ.சி.பி. 208, நாலு. சங்கிலி முக்கால் இஞ்ச் பிட்ச், 12பி. எல்லாம் கடைச் சரக்கு. ரப்பர் உறை மட்டும் நாங்கள் வெட்டிப் போடுவது, எங்களிடம்தான் வாங்க வேண்டும்.

வரைபட மேசை

மூன்றையும் உத்தரவாத வரிக்கு மேலே சேர்த்துவிடுங்கள். ரப்பர் உறை உங்களிடம் மட்டும்தான் என்பதையும், ஒரு செட் என்ன விலை, எத்தனை நாளில் அனுப்புவீர்கள் என்பதையும் அந்த வரியிலேயே போடுங்கள். கொடைக்கானலிலிருந்து வாங்குகிறவர் அதைத்தான் முதலில் கேட்பார்.